எழுத முடியாத சொல்லை எப்படி எழுதுவது?

"தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்ததாகப் போலீசில் புகார் அளித்தார்."

தமிழ் நாளிதழ் படிக்கும் பழக்கம் உள்ள எல்லாருக்கும் இந்த வரி மனப்பாடம். ஊர் மாறும், ஆள் மாறும், தகராறு வரப்புச் சண்டையா வாடகை பாக்கியா என்பது மாறும். இந்த வரி மட்டும் மாறாது. படித்து முடித்த பிறகும் அந்த வார்த்தை என்னவென்று நமக்குத் தெரியாது. அது பரவாயில்லை. ஆனால் அது எந்த மாதிரி வார்த்தை என்பதும் தெரியாது. அம்மாவை இழுத்தாரா, சாதியைச் சொன்னாரா, உடலைப் பற்றிக் கொச்சையாகப் பேசினாரா, இல்லை கோபத்தில் வெறும் 'போடா வாடா'வா? இவை நான்கும் வேறு வேறு சம்பவங்கள். செய்தியில் ஒரே சம்பவம் போல வந்துவிடுகின்றன.

வசைச்சொல்லை அச்சில் கையாள மூன்று வழிகள்தான் உண்டு. முழுதாகப் போடலாம். முதல் எழுத்தை மட்டும் போட்டு, மிச்சத்துக்குக் கோடோ புள்ளியோ நட்சத்திரக் குறியோ வைக்கலாம். அல்லது சொல்லைத் தொடாமல், என்ன மாதிரி பேசினார் என்று நம் வார்த்தையில் எழுதலாம். மூன்றும் ஒரே சம்பவத்துக்கு எப்படி வேலை செய்தன என்பதைப் பார்க்க நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது.

2004 ஜூன் 22, அமெரிக்க செனட் சபை. உறுப்பினர்கள் எல்லாரும் குழுப் புகைப்படம் எடுக்கக் கூடியிருந்தார்கள். துணை அதிபர் டிக் சேனிக்கும் செனட்டர் பாட்ரிக் லேஹிக்கும் பேச்சு தடித்தது. சேனி முன்பு தலைமை வகித்த ஹாலிபர்டன் நிறுவனத்துக்கு இராக்கில் கிடைத்த ஒப்பந்தங்களை லேஹி விமர்சித்து வந்த நேரம் அது. சேனி திரும்பி ஒரு வசையைச் சொன்னார். ஆங்கிலத்தில் எஃப் என்ற எழுத்தில் தொடங்குகிற, நான்கே எழுத்துள்ள அந்தச் சொல்தான் அதில் முக்கிய வார்த்தை. (அதே நாளில், ஒலிபரப்பில் ஆபாசம் வந்தால் அபராதத்தைக் கூட்டும் மசோதாவை இதே செனட் 99க்கு 1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. கற்பனையாக எழுதியிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.)

வாஷிங்டன் போஸ்ட் அந்தச் சொல்லை அப்படியே அச்சிட்டது. நியூயார்க் டைம்ஸ் ஆபாசச் சொல் ஒன்றைப் பயன்படுத்தினார் என்று எழுதி நிறுத்திக்கொண்டது. வாஷிங்டன் டைம்ஸ், உடலமைப்பின்படி நடக்கவே முடியாத ஒரு பாலுறவுச் செயலைச் செய்துகொள்ளச் சொன்னார் என்று சுற்றி வளைத்தது. வேறு பல பத்திரிகைகள் எஃப் போட்டு மூன்று சிறு கோடுகள் வைத்தன.

போஸ்டின் அப்போதைய செயலாசிரியர் லெனர்ட் டவுனி சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. நாட்டின் துணை அதிபர், செனட் சபைக்குள், ஒரு செனட்டரைப் பார்த்துச் சொன்னது. அது என்ன சொல் என்று வாசகரே பார்த்து முடிவு செய்யட்டும், கோடு போட்டு விளையாடுவது எங்கள் வழக்கம் இல்லை என்றார் அவர். இந்த ஒரு பதிலுக்குள் ஆசிரியர்கள் எடைபோடும் முக்கியமான கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. சொன்னவர் யார்? எங்கே சொன்னார்? யாரைப் பார்த்து? அப்புறம், செய்தியே அந்தச் சொல்தானா, இல்லை செய்திக்கு நடுவில் வந்துபோகும் சொல்லா? இதே வசையைச் சேனி தன் வீட்டுக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டபோது சொல்லியிருந்தால் அச்சிட ஒரு காரணமும் இல்லை.

நியூயார்க் டைம்ஸ் வழியில் ஒரு நஷ்டம் உண்டு. ஆபாசச் சொல் என்றால் எது? ஆங்கிலத்தில் அந்த வகையில் லேசானதும் உண்டு, கடுமையானதும் உண்டு. வாசகர் தன் மனதுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்வார். 1974 ஏப்ரல் 30 அன்று நிக்சனின் வெள்ளை மாளிகை, வாட்டர்கேட் விவகாரத்தில் தன் உரையாடல்களின் எழுத்துப் பிரதியை வெளியிட்டது. ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அதில் வசை வந்த இடமெல்லாம் 'வசைச்சொல் நீக்கப்பட்டது' என்று அடைப்புக்குறி. பிறகு பார்த்தால், நீக்கப்பட்டவற்றில் பல சாதாரண சாபச் சொற்கள்தான். ஆனால் ஊர் அதற்குள் ரொம்ப மோசமானவற்றையெல்லாம் கற்பனை செய்து முடித்திருந்தது. போராட்டக்காரர்கள் அந்தத் தொடரையே தட்டியில் எழுதிக்கொண்டு வந்தார்கள். மறைத்ததால் நிக்சனுக்குக் கெட்ட பெயர்தான் கூடியது. வெற்றிடம் என்பது பேசியவருக்கும் அநியாயம் செய்யக்கூடியது. இதை நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

சரி, கோட்டுக்கு வருவோம்.

உலகம் முழுக்கச் செய்தி தரும் ஏபி நிறுவனத்தின் நடைக் கையேடு இதைத் துல்லியமாக வகுத்திருக்கிறது. நேரடி மேற்கோளில் வந்தால்தான், அதுவும் தவிர்க்க முடியாத காரணம் இருந்தால்தான் வசைச்சொல் வரலாம். சொல் வேண்டும், ஆனால் முழுதாக எழுத வலுவான காரணம் இல்லை என்றால் முதல் எழுத்தை வைத்து மீதிக்குச் சிறு கோடுகள். முழுதாக எழுதுவதானால் அந்த மேற்கோளைத் தனிப் பத்தியாக வைக்க வேண்டும். வேண்டாம் என்று நினைக்கும் உள்ளூர்ப் பத்திரிகை அந்தப் பத்தியை மட்டும் சுலபமாக வெட்டிவிடலாம். எனக்குப் பிடித்த விதி இன்னொன்று: கடுமையான சொல்லை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மென்மையான சொல்லை மேற்கோள் குறிக்குள் வைக்கக் கூடாது. மேற்கோள் குறி என்பது 'அவர் வாயிலிருந்து இப்படியேதான் வந்தது' என்ற சத்தியம். மாற்றத்தான் வேண்டும் என்றால் குறியை எடுத்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். நம் ஊரில் தலைவர் பேச்சைச் 'சீர்' செய்து மேற்கோளுக்குள் வைக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தவர்களுக்கு, இந்த விதியின் கனம் புரியும்.

கோட்டை அடியோடு ஒதுக்குகிறவர்களும் உண்டு. பிரிட்டனின் கார்டியன் கையேட்டின்படி, வசைச்சொல் உண்மையிலேயே தேவையா என்று முதலில் யோசிக்க வேண்டும். தேவை என்றால் முழுதாக எழுத வேண்டும், தேவையில்லை என்றால் விட்டுவிட வேண்டும். நட்சத்திரக் குறி போடுவது நழுவல் வேலை. வாதம் புரிகிறது. வாசகர் மனதில் அந்தச் சொல் எப்படியும் ஒலித்துவிடுகிறது, நாம் மட்டும் கை சுத்தம் என்று காட்டிக்கொள்கிறோம். ஆனால் கோடு வெறும் பாசாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். அது வாசகரிடம், 'இது நாங்கள் பேசும் சொல் இல்லை, அவர் பேசியது' என்று சொல்கிற ஒரு சைகை. சைகைக்கும் மதிப்பு உண்டு.

இந்தக் கோட்டுமுறை தமிழுக்கு அப்படியே பொருந்தாது, எழுத்தின் அமைப்பே காரணம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வெறும் ஒரு மெய்; மிச்சம் மூன்று நான்கு எழுத்தும் மறைந்துவிடும். தமிழில் முதல் எழுத்தே மெய்யும் உயிரும் சேர்ந்த முழு அசை. 'தே' என்று எழுதிப் புள்ளி வைத்தால், தமிழ்நாட்டில் மிச்சத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் வசைகளில் பல இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள். முதலெழுத்தைக் காட்டினால் எல்லாம் காட்டின மாதிரி. காட்டாமல் வெறும் புள்ளிகளை இழுத்தால் நிக்சன் கதைதான். போதாததற்கு, டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. கோட்டை எப்படி வாசிப்பது? ஒன்று அவர் சற்று நிறுத்துவார், இல்லை சிரித்துக்கொண்டே முழுச் சொல்லையும் போட்டுவிடுவார்.

அதனால்தான் தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் மூன்றாவது வழிக்கு, அதாவது வார்த்தையை விட்டு விவரிப்பதற்கு, போயிருக்கின்றன. அந்த வழி நம்மிடம் பழையது. நன்னூல் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தது. 'கால் கழுவி வந்தேன்' என்பது பள்ளிக்கூட உதாரணம். அதற்கும் முன்னால் தொல்காப்பியம் 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்றது. அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல். கவனியுங்கள், மறைத்துவிட்டுச் சும்மா இரு என்று அது சொல்லவில்லை. கிளத்தல் என்றால் சொல்லுதல். கால் கழுவி வந்தேன் என்றால் என்ன செய்துவிட்டு வந்தார் என்று கேட்பவருக்குச் சந்தேகமே வராது. 'தகாத வார்த்தைகளால்' என்ற தொடரோ மறைப்பதோடு நின்றுவிடுகிறது.

ஒரு பேச்சுக்கு, ஒரு சம்பவத்தை டெஸ்க்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு பேரூராட்சி. வார்டில் குப்பை எடுக்க வந்த தூய்மைப் பணியாளர் பெண்ணைக் கவுன்சிலர் நடுத்தெருவில் திட்டுகிறார். யாரோ செல்போனில் படம் பிடித்துவிட்டார்கள். நிருபர் அனுப்பிய பிரதி: 'தகாத வார்த்தைகளால் திட்டியதாகக் கூறப்படுகிறது.' துணை ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, போனை எடுத்து, 'அண்ணே, என்னதான் சொன்னாரு? எனக்குச் சொல்லுங்க, பேப்பர்ல போடுறத அப்புறம் பார்க்கலாம்' என்று கேட்பது. கூச்சப்படாமல் கேட்க வேண்டும். சொல் தெரியாமல் அதை விவரிக்க முடியாது.

நிருபர் சொல்கிறார், காணொளியும் வருகிறது. அதில் மூன்று விஷயங்கள் கேட்கின்றன. முதலில் 'வாடி, போடி' என்கிறார். பிறகு அந்தப் பெண்ணின் சாதிப் பெயரைச் சொல்லி, உங்களுக்கெல்லாம் வேலை கொடுத்ததே தப்பு என்கிறார். கடைசியில் வீட்டுக்கு வந்து உன்னை இன்னது செய்வேன் என்று, பாலியல் வன்முறையைக் குறிக்கும் சொல்லால் மிரட்டுகிறார்.

'வாடி, போடி'யை மேற்கோளுக்குள் அப்படியே வைக்கலாம். அதில் ஆபாசம் இல்லை. பதவியில் இருப்பவர் வேலை பார்க்கும் பெண்ணை எப்படி அழைத்தார் என்பதை அந்த இரண்டு சொல் காட்டுகிற மாதிரி வேறெதுவும் காட்டாது. 'ஒருமையில் பேசினார்' என்று எழுதினால் பாதி உறைப்பு போய்விடும்.

இரண்டாவதை வேறு தராசில் நிறுக்க வேண்டும். ஆபாசச் சொல் கேட்பவர் காதைக் கூசவைக்கும். சாதி, இனம், மதம் சார்ந்த இழிசொல்லோ அங்கே நிற்கும் ஒருவரைத் தாண்டி, மறுநாள் காலை அந்தப் பேப்பரை வாங்கும் அதே சமூகத்து வாசகர்மீதும் விழும். மேற்கோள் குறிக்குள் இருந்தாலும் விழும். அதனால் சாதிப் பெயரையும் அந்த முழு வாக்கியத்தையும் விட்டுவிட்டு, 'சாதிப் பெயரைச் சொல்லி, அந்தச் சாதியினருக்கு வேலை கொடுத்ததே தவறு என்ற பொருளில் பேசினார்' என்று எழுதலாம். சொல் இல்லை, செயல் இருக்கிறது. இப்படி எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு: பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பொதுப் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 'தகாத வார்த்தை' என்று எழுதினால், வாசகருக்கு இது வாய்த்தகராறா வன்கொடுமையா என்றே தெரியாமல் போகும்.

மூன்றாவதில்தான் அந்தப் பழைய வரி அதிகக் கெடுதல் செய்கிறது. கவுன்சிலர் அங்கே திட்டவில்லை, மிரட்டுகிறார். சொல் ஆபாசமாக இருப்பதால் மிரட்டலும் வசைக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. 'பாலியல் வன்முறை செய்வதாக மிரட்டினார்' என்று எழுதினால் அதில் ஆபாசம் ஒரு துளியும் இல்லை, குழந்தை படித்தாலும் கூச்சமில்லை, நடந்தது முழுதாகத் தெரிகிறது. இவ்வளவு சுலபமான வாக்கியத்தை எழுதாமல் விட ஒரே காரணம்தான் இருக்கிறது: பழக்கம்.

இன்னும் இரண்டு சின்ன வேலைகள். காணொளியில் தெளிவாகக் கேட்பதை 'காணொளியில் பதிவாகியுள்ளது' என்றும், புகாரில் மட்டும் இருப்பதை 'புகாரில் கூறியுள்ளார்' என்றும் பிரித்து எழுத வேண்டும். இரண்டையும் 'கூறப்படுகிறது' என்ற ஒரே குடைக்குள் தள்ளக் கூடாது. அப்புறம் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். தன்மீது வீசப்பட்ட சொல் ஊர் முழுக்க அச்சில் போவதை அவர் விரும்புவாரா என்பது ஆசிரியரின் தராசில் ஒரு எடைக்கல். கடைசி எடைக்கல் இல்லைதான், ஆனாலும் கல். சிலர் 'அவன் சொன்னதை அப்படியே போடுங்க சார், அப்பத்தான் புரியும்' என்பார்கள்.

பத்திரிகை மறைக்கிறது, அதே சொல்லைக் காவல்துறை மறைத்தால் வழக்கே ஆட்டம் காணும். பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசியதாகப் போடப்பட்ட வழக்குகளில், என்ன சொல் என்றே குறிப்பிடவில்லை என்பதற்காக நீதிமன்றங்கள் ரத்து செய்தவை உண்டு. வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில் 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும், குற்றப்பத்திரிகையில் பேசிய சொற்களைக் குறித்திருப்பது நல்லது என்று சொன்னது. நிருபர்களில் பலர் முதல் தகவல் அறிக்கையின் நடையிலேயே செய்தி எழுதிப் பழகியவர்கள். அந்த அறிக்கையே 'தகாத வார்த்தை' என்று எழுதிவிட்டால், சொல் எங்குமே பதிவாகாமல் காற்றில் போய்விடும்.

தலைப்பு தனி உலகம். செய்தியின் ஏழாவது பத்தியில் வரும் சொல்லை, விரும்பிப் படிப்பவர்தான் பார்ப்பார். தலைப்பில் வருவதைப் பேப்பர் கட்டைத் தாண்டிப் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். பெட்டிக்கடையில் தொங்கும் வால்போஸ்டர் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் பார்க்கும். 2018 ஜனவரி 11 அன்று இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. குடியேற்றம் பற்றிய கூட்டத்தில், ஹைட்டி, எல் சால்வடோர், ஆப்பிரிக்க நாடுகளைக் குறித்து அதிபர் டிரம்ப் ஒரு மலச்சொல்லைப் பயன்படுத்தியதாக வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. சொல்லை அப்படியே தலைப்பிலேயே வைத்தது. விவாதமே தேவைப்படவில்லை என்ற பொருளில் அதன் ஆசிரியர் மார்ட்டி பேரன் பேசினார். நியூயார்க் டைம்ஸ் செய்திக்குள் சொல்லை எழுதிவிட்டு, தலைப்பில் 'இழிவான வார்த்தைகள்' என்ற அளவில் நிறுத்தியது. மறுநாள் டிரம்ப் அந்தச் சொல்லைத் தான் பயன்படுத்தவில்லை என்றார். கூட்டத்தில் இருந்த செனட்டர் டிக் டர்பின், பயன்படுத்தினார் என்றார். இரண்டு பேரும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்பதே, சொல் அச்சில் இருந்ததால்தான் வாசகருக்குப் புரிந்தது.

அதன்பிறகு அந்தச் சொல் மற்ற மொழிகளுக்குப் போக வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் கூச்சமே இல்லாமல் தம் மொழியின் மலச்சொல்லையே போட்டன. தென்கொரியாவின் யோன்ஹாப் செய்தி நிறுவனம் 'பிச்சைக்காரர் குகை' என்ற மாதிரி மாற்றியது. தைவானின் மத்தியச் செய்தி நிறுவனம் 'பறவைகூட முட்டையிடாத நாடுகள்' என்று எழுதியது. சீன மொழியில் அது வறண்ட, ஆளரவமற்ற இடத்தைச் சொல்லும் மரபுத்தொடர். அழகான தொடர்தான். ஆனால் அதை மட்டும் படித்த தைவான் வாசகர், ஹைட்டிக்காரர்கள் ஏன் இவ்வளவு கொதித்தார்கள் என்று விழித்திருப்பார்.

தமிழில் 'மலக்குழி' என்று எழுதலாம். எழுதும்போதே அது சற்றுக் குளித்துவிட்டு வந்த சொல்லாகிவிடுகிறது. மலம் என்பது மருத்துவமனைச் சொல், 'மலப் பரிசோதனை' என்று சீட்டில் எழுதுவது. டிரம்ப் சொன்னதாகச் சொல்லப்படும் ஆங்கிலச் சொல் தெருவில் பேசுவது. அதற்கு நிகராக நம் தெருவில் இருப்பது 'பீ'. 'பீக்குழி நாடுகள்' என்று தலைப்பிட எந்தத் தமிழ் டெஸ்க்கும் துணியாது. நானும் துணிய மாட்டேன். செய்திக்குள் 'மலக்குழி' என்று வைத்து, அடுத்த வாக்கியத்திலேயே, ஆங்கிலத்தில் அது இதைவிடக் கொச்சையான சொல் என்று எழுதியிருப்பேன். தலைப்பில் 'ஹைட்டி, ஆப்பிரிக்க நாடுகள் பற்றி டிரம்ப் கொச்சைப் பேச்சு'. கொச்சை என்பதோடு நிற்காமல், எந்த நாடுகள் என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுவேன்.